மீட்டர் பின்னால் ஓடாது

சித்திரை ஒன்றாம் தேதி காலையில் ஊருக்குப் போய் இறங்கியபோது அம்மா ஃபிரிட்ஜை அணைத்து வைத்திருந்தாள். கதவு திறந்து கிடந்தது. உள்ளே இரண்டு முறுக்கு டப்பாக்களும் ஒரு சீப்பு வாழைப்பழமும். ஹாலில் ஃபேன் ஓடவில்லை. முந்தானையால் விசிறிக்கொண்டே, "வா, காப்பி போடுறேன். பால் இப்பதான் வாங்கினேன்" என்றாள். ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனியாகப் பால் வாங்குகிறாள் என்பது மத்தியானம்தான் தெரிந்தது.

"கரண்ட் இல்லையா?"

"இருக்கு."

அதற்கு மேல் சொல்லவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் சொருகியிருந்த சீட்டை எடுத்துக் கொடுத்தாள். முந்தின நாள் ரீடிங் எடுக்க வந்தவர் கையால் எழுதிக் கொடுத்தது. 880 யூனிட். 5,350 ரூபாய். கடைசித் தேதி மே 3.

அது 2023. அப்பா போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முந்தின பில் 225 ரூபாய். அதற்கு முந்தினதும் 225. அதற்கும் முந்தினது 171. இந்தச் சின்னத் தொகைகளைப் பற்றி நானும் அம்மாவும் ஃபோனில் பேசியிருக்கிறோம். அப்பா இருந்தபோது எங்கள் வீட்டு பில் இதைவிட நிறைய வரும். அவர் இல்லாத முதல் பில் வந்தபோது, "பாரு, ஒரு ஆள் கொறைஞ்சதை இது கூட கணக்கு வச்சிருக்கு" என்றாள். நானும் நம்பினேன். என் டைரியில் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கூட வைத்திருந்தேன், ஒரு மனிதரின் இல்லாமை இத்தனை யூனிட் என்று. இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. எழுதுகிற ஆட்களுக்குக் கணக்கைச் சரிபார்க்கத் தோன்றாது, உவமைதான் தோன்றும்.

"மீட்டர்ல ஏதோ கோளாறு. ஆபீஸ்ல எழுதிக் குடுப்போம்" என்றேன்.

"வேணாம்டி. கட்டிடலாம். நகைச்சீட்டுப் பணம் இருக்கு."

"ஏம்மா? ஏசி கிடையாது, கீசர் கிடையாது. எண்ணூத்தி எண்பது யூனிட் எப்படி வரும்?"

"நம்ம மேலயும் தப்பு இருக்கும்ல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். என்ன தப்பு என்று நான் கேட்கவில்லை. அவசரத்தில் இருந்தேன். எனக்கு ஒரு எதிரி கிடைத்திருந்தான், அவன் வராந்தாச் சுவரில் சிவப்பாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தான்.

அன்று இரவே புகார்க் கடிதம் எழுதினேன். மீட்டர் பழுது, உடனே கழற்றிச் சோதிக்க வேண்டும், பில்லை ரத்துசெய்ய வேண்டும். நல்ல கோபமான கடிதம். அதை அப்படியே கொடுத்திருந்தால் தோற்றிருப்பேன். அது ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

கொடுப்பதற்கு முன் நானே ஒருமுறை சோதித்துவிடலாம் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் இருப்பது எலக்ட்ரானிக் மீட்டர். அதன் முகத்தில் சின்ன எழுத்தில் 3200 imp/kWh என்று போட்டிருக்கும். அந்தச் சிவப்பு விளக்கு 3,200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடுவது. இந்த இரண்டும் தெரிந்தால் போதும், மீட்டர் பொய் சொல்கிறதா என்பதை ஒரு கடிகாரத்தை வைத்தே ஓரளவு பார்த்துவிடலாம்.

மறுநாள் காலை முதலில் மெயினை இறக்கினேன். வீடே அமைதியானது. மீட்டர் முன்னால் ஐந்து நிமிடம் நின்றேன். விளக்கு ஒருமுறை கூடச் சிமிட்டவில்லை. வீட்டில் எதுவும் ஓடாதபோதும் சிமிட்டினால் மீட்டர் தானாக ஊர்கிறது, அல்லது மெயினுக்கு முன்னாலேயே யாரோ எங்கள் கணக்கில் இழுக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். இரண்டும் இல்லை. பக்கத்தில் 'Earth' என்று எழுதியிருந்த இன்னொரு விளக்கும், மெயினை மறுபடி ஏற்றிய பிறகும், எரியவில்லை. அது எரிந்தால், போன கரண்ட் போன வழியே திரும்பவில்லை, எங்கேயோ சுவரிலோ மண்ணிலோ கசிகிறது, அல்லது பக்கத்து வீட்டு நியூட்ரலோடு நம்முடையது கலந்திருக்கிறது என்று பொருள். தெருமுனை எலக்ட்ரீஷியன் அண்ணன் பார்க்காமலேயே "எர்த் லீக்கேஜாத்தான் இருக்கும், வயரிங் மாத்திடுவோம்" என்று சொல்லியிருந்தார். வயரிங் மாற்ற அவர் கேட்ட தொகை பில்லைவிடப் பெரியது.

அடுத்து, மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வெந்நீர் போடும் ஹீட்டர் ராடை மட்டும் வாளியில் போட்டேன். 1,500 வாட். கணக்குப்படி நிமிடத்துக்கு 80 சிமிட்டல் வர வேண்டும். அம்மா செல்ஃபோனில் நேரம் பார்த்துச் சொன்னாள், நான் எண்ணினேன். 76. இன்னொரு முறை எண்ணினேன். 77. எங்கள் தெருவில் வோல்டேஜ் எப்போதும் கொஞ்சம் குறைவு, அதனால் ராடு எழுதியிருக்கிற அளவுக்கு முழுசாக இழுக்காது. அந்தக் குறைவுக்கு இது சரிதான். சோதனைக்கு இஸ்திரிப் பெட்டியை எடுக்கக் கூடாது. சூடானதும் அது தானாக அணைந்து அணைந்து எரியும், எண்ணிக்கை குழம்பிவிடும்.

மீட்டர் யோக்கியன். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆபீசில் கட்டணம் கட்டிச் சோதிக்கச் சொன்னால் என்ன செய்வார்கள்? கழற்றிப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள், அல்லது இதன் தொடரிலேயே இன்னொரு மீட்டரை மாட்டிச் சில நாள் ஓடவிட்டு இரண்டையும் ஒப்பிடுவார்கள். எப்படிச் செய்தாலும் 'மீட்டர் நல்ல நிலையில் உள்ளது' என்று ஒரு தாள் வரும். அதோடு புகாரை மூடிவிடுவார்கள். நான் கேட்டது அதைத்தானே! மீட்டரைச் சோதிப்பது ஒரு கோரிக்கை, பில்லைத் திருத்துவது இன்னொரு கோரிக்கை. பெரும்பாலும் நாம் முதலாவதை மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டு இரண்டாவது தானாக நடக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

மீட்டர் சரி என்றால் எண்ணூற்று எண்பது எங்கிருந்து வந்தது? இரண்டு மாதத்தில் 880 என்றால் ஒரு நாளைக்குப் பதினான்கரை யூனிட். அதாவது அறுநூறு வாட் சாமான் ஒன்று இரவும் பகலும் நிற்காமல் ஓடியிருக்க வேண்டும். வீடு முழுக்கத் தேடினாலும் அப்படி ஒன்று இல்லை. ஃபிரிட்ஜ், மூன்று ஃபேன், டிவி, மோட்டார், மிக்சி, கிரைண்டர். அவ்வளவுதான்.

மீட்டர் பெட்டிக்குள் செருகியிருக்கும் அட்டையை அப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். அப்பா அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். 2022 ஆகஸ்டில் 13,524 என்று ரீடிங் எழுதிக் கையெழுத்து இருந்தது. அதற்குக் கீழே மூன்று வரி காலி. பிறகு நேராக 2023 ஏப்ரல், 14,980, வேறொரு கையெழுத்து. நடுவில் அக்டோபர், டிசம்பர், பிப்ரவரி இல்லை. ஆனால் அந்த மூன்றுக்கும் பில் வந்தது, கட்டியும் இருக்கிறோம்.

இணைப்பு எண்ணைப் போட்டு ஃபோனில் பழைய கணக்கை எடுத்தேன். அக்டோபர் ரீடிங் 13,700. டிசம்பர் 13,900. பிப்ரவரி 14,100.

ஒரு மீட்டர் வருடத்துக்கு ஒருமுறை இரண்டு சுழியில் வந்து நிற்கலாம். கணக்கெடுக்க வரும் நாளாகப் பார்த்து மூன்று முறை தொடர்ந்து நிற்காது. யாரோ நாற்காலியில் உட்கார்ந்தபடி போட்ட எண்கள் அவை. 'ஒரு கிழவி தனியா இருக்கா, இரநூறு போதும்.' அப்பாவின் இல்லாமை என்று நான் டைரியில் எழுதியது இவருடைய ஊகத்தைத்தான்.

ஏப்ரலில் வந்தவர் புது ஆள். அவர் மட்டும்தான் ஒழுங்காக மீட்டரைப் பார்த்து எழுதியிருக்கிறார். அவர் ஒழுங்காக எழுதியதால்தான், ஆறு மாதமாக எழுதாமல் விட்டதெல்லாம் சேர்ந்து ஒரே பில்லில் வந்து விழுந்தது.

யூனிட் உண்மையாகவே செலவானதுதானே, எப்போது கட்டினால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் படிக்கட்டு இருக்கிறது. நம் ஊரில் வீட்டுக் கரண்டுக்கு ஒரே விலை கிடையாது. இரண்டு மாதக் கணக்கில் முதல் நூறு யூனிட் அப்போது இலவசம். அந்த வருட விலைப்படி அடுத்த நூறுக்கு யூனிட்டுக்கு 2.25 ரூபாய், நானூறு வரை 4.50, ஐந்நூறு வரை 6. ஐந்நூறைத் தாண்டிவிட்டால் அந்த 2.25 படியே பறிபோய்விடும், அதற்கும் 4.50 ஆகிவிடும். அறுநூறு வரை 8, எண்ணூறு வரை 9, ஆயிரம் வரை 10, அதற்கு மேல் 11. அதற்குப் பிறகு விலை மாறிவிட்டது.

ஆகஸ்டிலிருந்து ஏப்ரல் வரை நாங்கள் செலவழித்தது 1,456 யூனிட். அது நான்கு பில்லுக்கான செலவு. நான்காகப் பிரித்தால் தவணைக்கு 364. ஒவ்வொன்றுக்கும் 963 ரூபாய், மொத்தம் 3,852. ஆனால் முதல் மூன்றைக் குறைத்து எழுதி மிச்சத்தைக் கடைசியில் கொட்டியதால் மொத்தம் 5,971 ஆனது. அதே யூனிட்டுக்கு 2,119 ரூபாய் அதிகம். எங்களுக்கு இலவசமாகவும் மலிவாகவும் வந்திருக்க வேண்டிய யூனிட்டுகள் ஒன்பது ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் விற்கப்பட்டிருந்தன.

கோபக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். ஒரு பக்கம்தான். இணைப்பு எண், மீட்டர் எண், நான்கு தேதிகள், நான்கு ரீடிங்குகள். பிறகு இரண்டு கோரிக்கைகள். ஒன்று, நேரில் வந்து மீட்டரின் இப்போதைய ரீடிங்கையும் அதன் நினைவில் இருக்கும் பழைய மாதக் கணக்கையும் பார்த்து எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும். இரண்டு, 1,456 யூனிட்டை நான்கு தவணைகளுக்குப் பிரித்து, தவணைவாரியாகக் கட்டணம் போட்டு, ஏற்கெனவே கட்டிய 621 ரூபாயைக் கழித்து, மிச்சத்தைத் தெரிவிக்க வேண்டும். 'மீட்டர் பழுது' என்ற சொல்லே கடிதத்தில் இல்லை. கடைசியில் ஒரு வரி மட்டும் சேர்த்தேன். 2003 மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, தகராறில் இருக்கும் பில்லுக்காக இணைப்பைத் துண்டிக்காமல் இருக்க ஒரு வழி வைத்திருக்கிறது. கேட்ட தொகை, அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரிக் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் கட்டிவிட்டால், தகராறு தீரும் வரை துண்டிக்கக் கூடாது. எங்கள் ஆறு மாதச் சராசரி 207 ரூபாய். அவர்கள் ஊகித்துப் போட்ட எண்ணே எங்களுக்குக் குடையானது.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனேன். கவுன்ட்டரில் 207 ரூபாயை நீட்டியதும் அந்த அக்கா சிரித்துவிட்டார். "சிஸ்டம் முழு அமவுன்ட்தாம்மா எடுக்கும்." சட்டம் சொல்வதை சிஸ்டம் கேட்காது. உள்ளே போய் ஏ.இ. சாரைப் பார்க்கச் சொன்னார்.

சின்ன வயசுக்காரர், என்னைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம். கடிதத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "மீட்டர் செக் பண்ணணுமா? அதுக்கு ஃபீஸ் கட்டணும்" என்றார்.

"மீட்டர் கரெக்டா இருக்கு சார். நானே பாத்துட்டேன். அதுல உள்ள பழைய கணக்கைத்தான் பாக்கணும்."

இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். கடிதத்தை மறுபடி படித்தார். மூன்று எண்களிலும் விரல் நின்றது. ஒன்றும் சொல்லவில்லை. வருவாய்ப் பிரிவு மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார். அவர் பெரியவர், ரிட்டயர் ஆகப் போகிறவர். "வீடு பூட்டியிருந்தா பூட்டுன்னு போடணும். சராசரி போட்டுட்டு அப்புறம் சரிபண்ணணும். ரீடிங்னு இப்படி எழுதக் கூடாது" என்று கணினித் திரையைப் பார்த்துத் தனக்குள் சொல்வதைப் போலச் சொன்னார்.

வீடு பூட்டியிருந்ததா என்று அவர் கேட்டபோது எனக்கு உறைத்தது. அப்பா போன பிறகு அம்மா வராந்தா கிரில்லை எப்போதும் பூட்டியே வைத்திருந்தாள். மீட்டர் அதற்கு உள்ளே. பின்கட்டில் இருந்தால் வாசலில் கூப்பிடுவது கேட்காது. அந்தப் பழைய ஆள் ஒருமுறையாவது வந்து கூப்பிட்டுப் பார்த்திருக்கலாம். "இருந்திருக்கலாம் சார்" என்றேன். அதனால் எங்கள் கோரிக்கை பலவீனமாகவில்லை. கதவு திறக்காதது ரீடிங்கைக் கற்பனை செய்ய அனுமதி ஆகாது. ஆனாலும் அதைச் சொல்லியிருக்க வேண்டியிருந்தது.

நகலில் சீல் வைத்து, தேதி போட்டு வாங்கிக்கொண்டேன். இதை மறக்கவே கூடாது. உள்ளூரில் நடக்கவில்லை என்றால் அடுத்து நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கும் மேல் ஒம்பட்ஸ்மேன். எங்கே போனாலும் முதலில் கேட்பது, எப்போது எழுதிக் கொடுத்தீர்கள் என்பதைத்தான்.

மூன்று நாள் கழித்து ஏ.இ. ஒரு வயர்மேனோடு வந்தார். அம்மா மோர் கொடுத்தாள். ஃபேன் போடவா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கிவிட்டுப் போட்டாள். வயர்மேன் மீட்டரின் பக்கவாட்டில் இருக்கும் பொத்தானை அழுத்த அழுத்தத் திரையில் எண்கள் மாறின. வோல்டேஜ், ஆம்பியர், தேதி. அதற்குப் பிறகு பழைய மாதங்கள். எங்கள் மீட்டர் ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி தொடங்கும்போது அன்றைய ரீடிங்கைத் தானே குறித்து வைத்துக்கொள்கிற வகை. எல்லா மீட்டரும் அப்படி இல்லை. அவர் ஒவ்வொன்றாக வாசிக்க, ஏ.இ. எழுதினார், நானும் எழுதினேன்.

"டிசம்பர் ஒண்ணு, 14,158."

ஏ.இ. எழுதுவதை நிறுத்தினார். பிப்ரவரி 13இல் அவர்கள் கணக்கில் இருப்பது 14,100. இரண்டரை மாதத்துக்கு முன்பே மீட்டர் தாண்டிப்போய்விட்ட எண் அது.

"பின்னால ஓடியிருக்கு போல" என்றார் வயர்மேன். ஏ.இ. சிரிக்கவில்லை. நானும் அவர் முன்னால் சிரிக்கவில்லை.

அந்தத் தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். அவர்கள் போன பிறகு நான் எழுதி வைத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதாமாதம் எவ்வளவு என்று கழித்துப் பார்த்தேன். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த செப்டம்பர் 174. அக்டோபர் 181. நவம்பர் 166. டிசம்பர் 171. அப்பா நன்றாக இருந்த ஜூலையில் 183. எங்கேயும் குறையவில்லை.

"அம்மா, அப்பா போன பிறகும் அதே யூனிட்தான் ஓடியிருக்கு."

அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். "அதான் சொன்னேன்ல. நம்ம மேலயும் தப்பு இருக்குன்னு."

"என்ன தப்பு?"

"அப்பா ரூம்ல ஃபேன் ஓடிக்கிட்டே இருக்கும். நிறுத்துறதே இல்லை." கொஞ்சம் இடைவெளி விட்டு, "ராத்திரி டிவியும்" என்றாள். "சத்தமில்லாம தூங்க வரலை."

பில் வந்த அன்று மாலைதான் அந்த ஃபேனை நிறுத்தியிருக்கிறாள். ஏழு மாதத்தில் முதல் முறை.

நான் பேனாவை எடுத்தேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஃபேன் எழுபது வாட், இருபத்துநான்கு மணி நேரம், அறுபது நாள். நூற்றொரு யூனிட். டிவி எண்பது வாட், ராத்திரிக்கு எட்டு மணி நேரம், முப்பத்தெட்டு யூனிட். இரண்டும் சேர்ந்து நூற்று நாற்பதுக்குள். தாளை அவளிடம் காட்டினேன். "பாரும்மா. இதுக்கு எண்ணூத்தி எண்பது வராது. பத்து வீட்டு ஃபேன் ஓடினாதான் வரும்."

பத்து ஃபேன் கணக்கு கொஞ்சம் மிகை. அம்மா தாளை வாங்கிப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு அந்த எண்கள் தெரியாது.

"அப்ப ரெண்டு மாசத்துக்கு எவ்வளவு ஆவும், அதுக்கு மட்டும்?"

"நாலரை ரூபாய் படியில வரும். அறுநூறு, அறுநூத்தி முப்பது."

"பரவால்ல" என்றாள்.

திருத்திய பில் ஏப்ரல் 27 அன்று வந்தது. மீட்டரில் மாதக் கணக்கே இருந்தாலும் அது ரீடிங் எடுக்கும் தேதியோடு பொருந்தாது என்பதால் சமமாக நான்காகப் பிரித்திருந்தார்கள். 3,852இல் கட்டியது போக 3,231. சும்மா இல்லை, நிஜமாகவே செலவழித்ததற்குக் கட்ட வேண்டியதுதான். அதே கவுன்ட்டரில் அதே அக்காவிடம் கட்டினேன். இந்த முறை சிஸ்டம் எடுத்துக்கொண்டது.

ஊரிலிருந்து கிளம்பும் முன் கிரில் பூட்டுக்குப் பக்கத்தில் என் ஃபோன் நம்பரை எழுதி ஒட்டினேன். ரீடிங் எடுக்க வருபவர் கூப்பிட்டால் நான் அம்மாவைக் கூப்பிடலாம். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி மீட்டரைப் படம் எடுத்து எனக்கு அனுப்பும்படி அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தேதியோடு ஒரு படம் கையில் இருந்தால் இனி யாருடைய நினைவையும் நம்ப வேண்டியதில்லை, மீட்டருடையதையும்.

மே ஒன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு முதல் படம் வந்தது. முழுக்க அம்மாவின் கட்டைவிரல். ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவது வந்தது, அதில் எண் தெரிந்தது. பின்னாலேயே ஒரு வாய்ஸ் மெசேஜ். எடுத்தது சரியா என்று கேட்டிருந்தாள். பேச்சுக்குப் பின்னால், எங்கேயோ உள்ளே, ஒரு ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது.